புகார்க் கடிதத்தில் கெடு வைக்கும்போது செய்யக்கூடாதவை

“உடனடியாகச் சரிசெய்து தரவும். தவறினால் சட்டப்படி கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.” புகார்க் கடிதம் என்றாலே பலருக்கும் கடைசி வரி இப்படித்தான் வருகிறது. படிக்கக் காட்டமாக இருக்கும், ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. எந்தத் தேதிக்குள் என்று இல்லை, என்ன நடவடிக்கை என்றும் இல்லை. எதிரில் உட்கார்ந்து இதைப் படிப்பவர் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கடிதத்தை மற்றதோடு சேர்த்து வைத்துவிடுவார். நாம் கெடு வைப்பது அவர் நம் வேலையை இன்ன தேதியில் செய்ய வேண்டியதாகக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. அதற்கு இந்த வரி உதவாது.

ஒரு வாஷிங் மெஷினை வைத்தே பார்ப்போம். மதுரையில் ஒரு வீடு. 2024 பிப்ரவரி 10 அன்று வாங்கிய மெஷின், இரண்டு வருட வாரண்டி. 2026 ஜனவரி 5, திங்கட்கிழமை மெஷின் நின்றுவிடுகிறது. டோல் ஃப்ரீ எண்ணில் புகார் பதிவாகிறது. புதன்கிழமை சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு, பிசிபி போர்டு போய்விட்டது, ஆர்டர் போட வேண்டும் என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கொடுக்கிறார். அதன்பின் நான்கு நாளாகப் பேச்சு மூச்சு இல்லை. 12ஆம் தேதி, திங்கட்கிழமை, வீட்டுக்காரர் கடிதம் எழுத உட்காருகிறார்.

அவர் கை முதலில் எழுதப்போவது “48 மணி நேரத்துக்குள்” என்றுதான். இதுதான் முதல் தவறு. போர்டு எந்தக் கிடங்கிலிருந்தோ மதுரைக்கு வர வேண்டும், வந்தபின் ஆள் ஒதுக்க வேண்டும். இரண்டு நாளில் இது நடக்காது என்று சர்வீஸ் சென்டருக்கும் தெரியும், எழுதுகிறவருக்கும் தெரியும். நடக்கவே முடியாத கெடுவை யாரும் மதிப்பதில்லை. அப்புறம் இந்தக் கடிதம் ஒருநாள் நுகர்வோர் ஆணையத்தின் முன் போகலாம். அங்கே படிப்பவர்கள் கடை என்ன செய்தது என்பதோடு, நீங்கள் எவ்வளவு அவகாசம் கொடுத்தீர்கள் என்பதையும் பார்ப்பார்கள்.

“ஏழு நாட்களுக்குள்” என்று எழுதினால்? காதுக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாள்காட்டியைப் பாருங்கள். 12லிருந்து ஏழு நாள் என்றால் 19. நடுவில் 15, 16, 17 பொங்கல் விடுமுறை, 18 ஞாயிறு. போகியும் போக, உருப்படியாக வேலை நடக்கிற நாள் ஒன்றிரண்டுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. ஏழு நாள் எப்போதிலிருந்து? கடிதத்தில் போட்ட தேதியிலிருந்தா, அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்தா? இந்தக் குழப்பம் தாமதப்படுத்துகிறவருக்குத்தான் வசதி. அதனால் நாட்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, தேதியையும் கிழமையையும் எழுதுங்கள்.

கெடுவைக் கணக்கிட என் வழி இதுதான். அவர்கள் செய்ய வேண்டிய வேலையைப் பிரித்துப் பார்ப்பேன். போர்டு எப்போது வரும் என்று விசாரித்துப் பதில் எழுதுவது ஒரு வேலை. அதற்கு ஓரிரு வேலை நாள் போதும். போர்டை வரவழைத்து மாட்டுவது வேறு வேலை. அதற்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம். இரண்டுக்கும் ஒரே தேதி வைத்தால், அந்தத் தேதிவரை ஒரு தகவலும் இல்லாமல் காத்திருக்க வேண்டியதாகிவிடும். தனித்தனியாக வைத்தால், முதல் தேதியிலேயே நிலவரம் தெரிந்துவிடும். நம் கதையில் பதிலுக்கு ஜனவரி 20, செவ்வாய். பழுது நீக்க ஜனவரி 28, புதன். 26ஆம் தேதி குடியரசு தினம் என்பதால் அதைத் தாண்டி வைத்தாயிற்று. வாரண்டி முடிய பிப்ரவரி ஒன்பதுவரை இருக்கிறது, அதற்குள்ளும் அடங்கிவிட்டது. புகாரே வாரண்டிக் காலத்தில் பதிவானதுதான் என்பதால் அங்கே பயமில்லை. ஆனாலும் புகார் எண்ணையும் பதிவான தேதியையும் கடிதத்தில் கட்டாயம் எழுத வேண்டும்.

சில விஷயங்களில் கெடுவை நாம் யோசிக்கவே வேண்டாம், விதியே வைத்திருக்கிறது. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்துவிட்டால், 5 நாளுக்குள் வங்கி அதைத் திருப்பி வரவு வைக்க வேண்டும். அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு உத்தரவு. வங்கிக்குப் புகார் எழுதும்போது “மூன்று நாளில் பதில் வராவிட்டால் ஆம்புட்ஸ்மனிடம் போவேன்” என்று எழுதுகிறார்கள். ரிசர்வ் வங்கியின் அந்தக் குறைதீர்ப்பாளரிடம் அவ்வளவு சீக்கிரம் போக முடியாது. வங்கி பதில் சொல்லாமல் 30 நாள் கடந்திருக்க வேண்டும், அல்லது அது சொன்ன பதிலில் உங்களுக்குத் திருப்தி இல்லாமல் இருக்க வேண்டும். வங்கிக்காரருக்கு இந்த விதி மனப்பாடம். அதை அறியாமல் எழுதிய ஒரு வரி, மீதிக் கடிதத்தின் மதிப்பையும் கெடுத்துவிடும். ஆன்லைன் கடைகளும் அப்படித்தான். குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்தக் கணக்கைச் சுட்டிக்காட்டினாலே போதும், நீங்கள் புதிதாக ஒன்று வைக்க வேண்டியதில்லை.

இனி அடுத்த நடவடிக்கைக்கு வருவோம். மிரட்டல் தொனி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நுழைகிறது. “கடும் விளைவுகளைச் சந்திக்க நேரிடும்”, “இதுவே இறுதி எச்சரிக்கை”, “நான் யார் என்று காட்ட வேண்டியிருக்கும்” போன்ற வரிகள் மிரட்டலாக ஒலிக்கக் காரணம் அவற்றின் மூடுமந்திரம். என்ன செய்யப்போகிறீர்கள் என்று வெளிப்படையாகச் சொன்னால் அந்தத் தொனி தானாகவே போய்விடும். “சட்ட நடவடிக்கை எடுப்பேன்” என்பதைவிட, “மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்வேன்” என்பது அமைதியாகவும் இருக்கிறது, அழுத்தமாகவும் இருக்கிறது.

இன்னொரு பழக்கம், தெரிந்த இடங்களையெல்லாம் ஒரே மூச்சில் அடுக்குவது: காவல் நிலையம், கலெக்டர் ஆபீஸ், முதல்வர் தனிப்பிரிவு, பத்திரிகை, ஃபேஸ்புக். வாரண்டியில் போர்டு மாற்றித் தராதது போலீஸ் விவகாரம் இல்லை. அதை எழுதினால் பயமுறுத்திப் பார்க்கிறார் என்றுதான் தோன்றும். முதல் மின்னஞ்சலிலேயே தலைமை அலுவலகம் முதல் செய்தி நிறுவனங்கள்வரை நகல் போடுவதும் இதே வகைதான். நகல் போய்விட்டதென்றால் அடுத்த நடவடிக்கையை நீங்கள் ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பிறகு கெடு எதற்கு?

ஒன்று அல்லது இரண்டு படிகள் போதும், அதுவும் நடக்கப்போகிற வரிசையில். இந்த மெஷினுக்கு முதல் படி, தேசிய நுகர்வோர் உதவி மையம், எண் 1915. அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பேசி முடிக்கப் பார்ப்பார்கள், உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. அதனால் கடிதத்தில் பதற்றம் காட்டக் காரணமே இல்லை.

இதையெல்லாம் சேர்த்தால் கடிதத்தின் முடிவு இப்படி வரும்:

“ஜனவரி 7 அன்று வந்த உங்கள் பணியாளர் பிசிபி போர்டு மாற்ற வேண்டும் என்று ஜாப் ஷீட்டில் குறித்துள்ளார் (நகல் இணைப்பு). போர்டு எந்தத் தேதியில் கிடைக்கும் என்பதை ஜனவரி 20, செவ்வாய்க்கிழமைக்குள் இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாகத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பொங்கல் விடுமுறையைக் கருத்தில் கொண்டு, பழுது நீக்க ஜனவரி 28, புதன்கிழமைவரை காத்திருக்கிறேன். அதற்குள் முடியாவிட்டால் 29ஆம் தேதி தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிவு செய்வேன். அங்கும் தீர்வு இல்லையெனில் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். கூடுதல் நாள் தேவைப்பட்டால் காரணத்தையும் தேதியையும் எழுதித் தெரிவியுங்கள்.”

வினைச்சொற்களைக் கவனியுங்கள். எல்லாம் “செய்வேன்”, “அணுகுவேன்” என்று எழுதுகிறவர் செய்யப்போவதைச் சொல்கின்றன. “நீங்கள் அனுபவிப்பீர்கள்” என்று எதிராளிக்கு நேரப்போவதைச் சொல்லும் ஒரு வினைகூட இல்லை. ஆச்சரியக்குறி இல்லை, சிவப்பு எழுத்து இல்லை. ஜாப் ஷீட் எழுதிய பையனைக் குறை சொல்லவும் இல்லை. அவர் சரியாகத்தான் பார்த்துச் சொன்னார். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நியாயமான காரணம் உள்ளவருக்கு வழி திறந்திருக்கிறது என்று அதுதான் காட்டுகிறது.

அனுப்பியதற்குச் சான்று இல்லாவிட்டால் கெடு நிற்காது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிட்டு விட்டுவிடுவது போதாது. நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கு, புகார் எண்ணைத் தலைப்பிலேயே போட்டு அனுப்புங்கள். தபாலிலும் அனுப்புவதென்றால், 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் தனியாக இல்லை, ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

20ஆம் தேதி சர்வீஸ் மேலாளர் போனில் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். “சார், போர்டு ஸ்டாக் இல்ல, 30ஆம் தேதி வந்துரும், ரெண்டாம் தேதி மாட்டிடுவோம்.” தேதி சொல்கிறார், காரணம் சொல்கிறார். ஒத்துக்கொள்ளலாம். ஆனால் போனில் “சரி” என்று சொன்னதோடு நிறுத்தக்கூடாது. அன்றே ஒரு மின்னஞ்சல்: “நீங்கள் போனில் கேட்டபடி பிப்ரவரி 2, திங்கட்கிழமைவரை அவகாசம் தருகிறேன். என் ஜனவரி 12 கடிதத்தில் சொன்ன அடுத்த படிகள் பிப்ரவரி 3 முதல் பொருந்தும்.” இது இல்லாவிட்டால், நீங்களே தேதியைத் தளர்த்திவிட்டு இப்போது குறை சொல்கிறீர்கள் என்று பின்னால் பேச்சு வரும். “சீக்கிரம் பண்ணித் தர்றோம் சார்” என்று மட்டும் சொன்னால் அது அவகாசம் கேட்டதாகாது. பழைய தேதியே நிற்கும்.

கெடு முடிந்தபின் செய்கிற தவறுதான் எல்லாவற்றிலும் பெரியது: இன்னொரு கடிதம், இன்னொரு கெடு, இன்னும் கொஞ்சம் காட்டம். இரண்டாவது கெடு வைத்ததுமே முதலாவதற்கு அர்த்தமில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். பிப்ரவரி 2 அன்றும் ஆள் வரவில்லையென்றால், 3ஆம் தேதி காலையில் 1915க்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்யுங்கள். பிறகு அந்தப் பதிவு எண்ணை அதே மின்னஞ்சல் தொடரில், “ஜனவரி 12 கடிதத்தில் தெரிவித்தபடி இன்று பதிவு செய்துள்ளேன்” என்று ஒரே வரியில் மேலாளருக்கு அனுப்புங்கள்.