சேவ் ஃபைலைத் திறந்து பார்ப்போம்: உள்ளே இருப்பது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது

திருமங்கலத்தில் இருக்கும் அக்கா மகன், லீவுக்கு மதுரை வந்திருந்தபோது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, என் மைன்கிராஃப்ட் உலகத்துக்கு மதுரைன்னு தமிழ்லயே பேர் வச்சேன், அந்தப் பேரு எந்த ஃபைல்ல இருக்கும்?" என்று கேட்டான். நோட்பேடில் திறந்து தேடியிருக்கிறான், வெறும் கிறுக்கல்தான் வந்திருக்கிறது. அன்று மத்தியானம் அவனோடு உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். விண்டோஸ் கணினியும் HxD என்ற இலவச ஹெக்ஸ் எடிட்டரும் இருந்தால் போதும், புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதல் வேலை, சேவ் ஃபோல்டர் முழுவதையும் வேறு இடத்தில் காப்பி எடுத்து வைப்பது. கேமை மூடிவிட்டுத்தான் காப்பி எடுக்க வேண்டும், ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் கேம் பாதி எழுதிய நிலையில் ஃபைலை வைத்திருக்கலாம். இனிமேல் திறப்பது, மாற்றுவது எல்லாம் அந்தக் காப்பியில்தான்.

படி 1: நோட்பேடில் திறந்து பாருங்கள்

சில கேம்கள் எல்லாவற்றையும் படிக்கக்கூடிய எழுத்தாகவே எழுதிவிடும். ஸ்டார்டியூ வேலி அப்படித்தான். `%APPDATA%\StardewValley\Saves` உள்ளே உங்கள் பெயரும் ஒரு எண்ணும் சேர்ந்த ஃபோல்டர் இருக்கும், அதற்குள் அதே பெயரில் எக்ஸ்டென்ஷனே இல்லாத ஒரு ஃபைல். திறந்தால் `<?xml` என்று ஆரம்பிக்கும். அது எக்ஸ்எம்எல். வரி பிரிக்காமல் ஒரே நீளத்துக்குப் போவதால் முதல் பார்வைக்குக் குப்பை மாதிரி தெரியும், ஆனால் Ctrl+F அடித்து `<money>` என்று தேடினால் கையில் இருக்கும் காசு அப்படியே எழுத்தில் நிற்கும். முதல் எழுத்து `{` என்றால் பெரும்பாலும் ஜேசான், அதுவும் படிக்கக்கூடிய எழுத்துதான்.

எழுத்தாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒன்றும் படிக்க முடியவில்லை என்ற நிலையும் உண்டு. ஆர்பிஜி மேக்கர் எம்வி என்ற மென்பொருளில் செய்த கேம்களின் `.rpgsave` ஃபைலைத் திறந்தால் `N4Ig` என்று தொடங்கி ஆங்கில எழுத்தும் எண்ணுமாகப் போய்க்கொண்டே இருக்கும். பார்த்தவுடன் பூட்டு போட்டிருக்கிறார்கள் என்று தோன்றும். பூட்டு எதுவும் இல்லை. ஜேசானை எல்இசட்-ஸ்ட்ரிங் என்ற முறையில் சுருக்கி, பேஸ்64 எழுத்துகளாக மாற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இங்கே நிறையப் பேர் பேஸ்64-ஐ மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டு, குப்பை வருகிறதே என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளே இன்னொரு அடுக்கு சுருக்கம் இருக்கிறது, அதையும் எல்இசட்-ஸ்ட்ரிங் கொண்டே பிரித்தால்தான் ஜேசான் வெளியே வரும்.

படி 2: முதல் சில பைட்டுகளைப் படியுங்கள்

நோட்பேடில் கிறுக்கலாக வந்தால் HxD-யில் திறக்க வேண்டும். இடப்பக்கம் ஒவ்வொரு பைட்டும் இரண்டு இலக்க ஹெக்ஸ் எண்ணாகவும், வலப்பக்கம் அதே பைட்டுகள் எழுத்தாகவும் தெரியும். நமக்கு இப்போது வேண்டியது முதல் வரி மட்டும்தான். மாட்டுத்தாவணியில் பஸ் நெற்றியில் இருக்கும் போர்டைப் பார்த்துவிட்டுத்தானே ஏறுகிறோம், பல ஃபைல் வகைகளும் அப்படி ஒரு போர்டை நெற்றியிலேயே எழுதி வைத்திருக்கின்றன. ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் `.dat`, `.sav` போன்றவற்றை நம்பாதீர்கள், கேம் எழுதியவர் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

```
1F 8B                        gzip
50 4B 03 04                  zip
78 9C                        zlib
47 56 41 53                  GVAS, Unreal Engine
00 01 00 00 00 FF FF FF FF   .NET BinaryFormatter
```

முதல் மூன்றும் சுருக்கப்பட்ட பொட்டலங்கள், உள்ளே என்ன என்பது பிரித்த பிறகுதான் தெரியும். கடைசி இரண்டும் சீரியலைஸ் செய்த பைனரி, அதாவது கேம் ஓடும்போது மெமரியில் வைத்திருந்த ஆட்டக்காரர், பை, பெட்டி, எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி பைட்டுகளாகக் கொட்டியது. யூனிட்டியில் செய்த சில பழைய கேம்களில் கடைசி வகை வரும். அப்போது வலப்பக்கத்தில் `Assembly-CSharp` என்ற சொல்லும் கண்ணில் படும், அதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

முதல் வரியிலிருந்து கடைசி வரை வெறும் `00` ஆகவே இருந்தால் அது ஒரு வகை அல்ல, கெட்டுப்போன ஃபைல். சேவ் ஆகும் நேரத்தில் கரண்ட் போனால் இப்படி ஆகும், அளவு சரியாகக் காட்டும் ஆனால் உள்ளே ஒன்றுமே இருக்காது. மைன்கிராஃப்டில் பக்கத்திலேயே `level.dat_old` என்று முந்தைய காப்பி ஒன்று இருக்கும், அதைத் தேடுங்கள்.

படி 3: பொட்டலத்தைப் பிரித்துப் படிப்பது

மருமகனின் ஃபைல் `%APPDATA%\.minecraft\saves` உள்ளே உலகத்தின் ஃபோல்டரில் இருந்த `level.dat`. முதல் இரண்டு பைட்டு `1F 8B`. ஜிஜிப். அவன் நோட்பேடில் தேடி ஏன் கிடைக்கவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. 7-Zip வைத்தே பிரிக்கலாம், பைத்தான் இருந்தால் இது போதும்:

```python
import gzip
d = gzip.open("level.dat", "rb").read()
open("level.raw", "wb").write(d)
```

வெளியே வந்த `level.raw` ஃபைலை HxD-யில் திறந்து, வலப்பக்கத்தில் `LevelName` என்று தேடினோம். அந்த இடத்தில் இப்படி இருந்தது:

```
08 00 09 4C 65 76 65 6C 4E 61 6D 65
00 0F E0 AE AE E0 AE A4 E0 AF 81
E0 AE B0 E0 AF 88
```

இந்த அமைப்புக்குப் பெயர் என்பிடி, மைன்கிராஃப்டுக்கே உரியது. பொறுமையாக ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஏனென்றால் பெரும்பாலான சீரியலைஸ் பைனரியும் கிட்டத்தட்ட இந்த முறையில்தான் பேசும். `08` என்றால் அடுத்து வருவது எழுத்துச்சரம். `00 09` என்றால் அதன் பெயர் ஒன்பது பைட்டு நீளம், அந்த ஒன்பதும் `LevelName`. பிறகு `00 0F`, அதாவது மதிப்பின் நீளம் 15 பைட்டு. அதன் பிறகு 15 பைட்டுகள். வகை, பெயர், நீளம், மதிப்பு.

"மதுரைன்னா மூணு எழுத்துதானே மாமா, 15 எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கணினிக்கு அது ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. ஐந்து மூன்று பதினைந்து. HxD-யின் வலப்பக்கத்தில் இது தமிழாகத் தெரியாது, `à®®à®¤` என்கிற மாதிரி வரும். தமிழ் உடைந்து இப்படித் தெரிவதை நீங்கள் வேறு எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். ஹெக்ஸ் பக்கம் `E0 AE`, `E0 AF` என்று திரும்பத் திரும்ப வந்தால் அங்கே தமிழ் இருக்கிறது.

அவனுக்குப் பெயரைத் திருமங்கலம் என்று மாற்றிப் பார்க்க ஆசை. இங்கேதான் பைனரியில் கை வைப்பவர்கள் தவறுவார்கள். பெயர் நீண்டால் நீளத்தையும் மாற்ற வேண்டும். திருமங்கலம் பதினொரு குறியீடு, 33 பைட்டு, ஹெக்ஸில் `21`. ஆக `00 0F` என்பது `00 21` ஆக வேண்டும். பழைய நீளத்தையே விட்டுவிட்டால் கேம் 15 பைட்டு படித்துவிட்டு, மீதிப் பெயரை அடுத்த தகவலின் வகை என்று எடுத்துக்கொள்ளும், அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே தடம் புரண்டுவிடும். மாற்றிய பிறகு மறுபடி ஜிஜிப்பாகச் சுருக்கி `level.dat` என்ற பெயரில் வைத்தோம். சுருக்கிய ஃபைலுக்குள் நேரடியாக ஒரு பைட்டை மாற்றினால் வேலைக்காகாது, ஜிஜிப்பின் கடைசியில் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கிறது, அது ஒத்துப்போகாது.

ஒன்று கவனியுங்கள், இது கணினியில் ஓடும் ஜாவா பதிப்பின் கதை. போனில் ஓடும் பெட்ராக் பதிப்பிலும் `level.dat` உண்டு, ஆனால் அது சுருக்கப்படாதது, முன்னால் எட்டு பைட்டு தலைப்பு இருக்கும், எண்களின் பைட்டு வரிசையும் தலைகீழ். அந்தத் தலைப்பின் பின்பாதி நான்கு பைட்டு, தலைப்பு நீங்கலாக மீதியின் நீளத்தைச் சொல்வது, அதனால் அங்கே பெயரை நீட்டினால் அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

படி 4: போர்டே இல்லாத ஃபைல்

முதல் பைட்டுகளில் தெரிந்த அடையாளம் எதுவும் இல்லையென்றால், இரண்டு சேவ் ஃபைல்களை ஒப்பிடுவதுதான் வழி. காசு 4500 இருக்கும்போது ஒரு சேவ், அதைக் காப்பி எடுத்துவிட்டு, வேறு எதையும் தொடாமல் 4600 ஆக்கி இன்னொரு சேவ். பிறகு கமாண்ட் பிராம்ப்டில்:

```
fc /b save1.dat save2.dat
0000004C: 94 F8
```

4500 ஹெக்ஸில் `1194`, 4600 ஹெக்ஸில் `11F8`. விண்டோஸ் கேம்கள் பெரும்பாலும் சின்னப் பைட்டை முன்னால் எழுதும், அதனால் ஃபைலில் `94 11 00 00` என்பது `F8 11 00 00` ஆகியிருக்கும். நடுவில் உள்ள `11` மாறாததால் `fc` ஒரு வரிதான் காட்டுகிறது. இது தெரியாமல் ஒரு பைட்டை மட்டும் பார்த்துவிட்டு காசு 255-க்கு மேல் போகாது போல என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நடைமுறையில் இவ்வளவு சுத்தமாக ஒரு வரி வருவது அபூர்வம், விளையாடிய நேரமும் மாறியிருக்கும். ஃபைலின் தொடக்கத்திலோ கடைசியிலோ நான்கு பைட்டு சேர்ந்து மொத்தமாக மாறியிருந்தால் அது சரிபார்ப்பு எண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம், காசை மட்டும் மாற்றினால் கேம் அந்த சேவ் ஃபைலை ஏற்காது. ஒரு இடத்தில் தொடங்கி அதற்குப் பின்னால் பக்கம் பக்கமாக வித்தியாசம் கொட்டினால் சுருக்கமாகவோ, சாவி போட்டுப் பூட்டும் குறியாக்கமாகவோ இருக்கலாம். அப்போது ஃபைலை 7-Zip-ல் சுருக்கிப் பாருங்கள். சாதாரண பைனரி நன்றாகக் குறையும், ஏற்கெனவே சுருக்கியதோ குறியாக்கியதோ கிட்டத்தட்ட குறையவே குறையாது. குறியாக்கம் என்றால் சாவி பெரும்பாலும் கேமுக்குள்தான் இருக்கும், சேவ் ஃபைலை எவ்வளவு பார்த்தாலும் அது வராது.

சீரியலைஸ் செய்த சேவ் யாராவது அனுப்பியதாக இருந்தால், பைத்தானின் பிக்கிள், டாட்நெட்டின் பைனரிஃபார்மட்டர் இரண்டையும் `load` செய்து பார்க்காதீர்கள். இந்த இரண்டு வகைகளிலும் ஃபைலைப் படிக்கும்போதே அதற்குள் ஒளித்து வைத்த கட்டளை உங்கள் கணினியில் ஓட முடியும். HxD-யில் திறந்து பார்ப்பதால் எதுவும் ஓடாது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

திருமங்கலம் உலகம் சரியாகத் திறந்தது. அடுத்த நாள் அவனாகவே `XpLevel` எங்கே என்று கண்டுபிடித்துக் காட்டினான், `03` என்று ஆரம்பிக்கிறது, பெயருக்குப் பின்னால் நீளம் எழுதாமல் நேராக நான்கு பைட்டு எண் என்று.