'ஐ ஆம் அக்ரீ': அந்த 'ஆம்' எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது?

என் மாமா பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது. சம்பளமும் சொல்லிவிட்டார்கள், சரி என்று இவன் ஒரு மெயில் போட வேண்டும், அவ்வளவுதான். அனுப்புவதற்கு முன்னால் எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டு, "அண்ணா, தப்பு இருந்தா சொல்லுங்க" என்றான். நாலே வரி: "ஐ ஆம் அக்ரீ வித் தி சேலரி. ஐ ஆம் பிலாங்ஸ் டு திருநெல்வேலி. ஐ ஆம் கம்ப்ளீட்டட் பி.காம் இன் 2022. ஐ ஆம் ஹோப் ஃபார் யுவர் ரிப்ளை."

நாலு வரியிலும் இருப்பது ஒரே தவறுதான். (இந்தக் கட்டுரையில் 'ஆம்' என்று வருவதெல்லாம் அந்த ஆங்கிலச் சொல், நம்ம ஊர் 'ஆமாம்' இல்லை, குழம்ப வேண்டாம்.)

இது எப்படி வருகிறது என்று பார்த்தால் பையன் மேல் கோபமே வராது. ஆங்கிலத்தில் நாம் கற்றுக்கொள்ளும் முதல் வாக்கியம் என்ன? "ஐ ஆம் ராஜா." தமிழில் "நான் ராஜா." தமிழில் இரண்டு சொல், ஆங்கிலத்தில் மூன்று. ராஜா ராஜாதான், அப்படியானால் மிச்சமிருக்கும் 'ஐ ஆம்' இரண்டும் சேர்ந்து 'நான்' என்று மனது கணக்குப் போட்டுவிடுகிறது. அப்புறம் "ஐ ஆம் கோயிங்" என்றால் "நான் போகிறேன்" என்று சொல்லித் தருகிறார்கள், அந்தக் கணக்கு இன்னும் கெட்டிப்படுகிறது. பிறகு "நான் ஒத்துக்கொள்கிறேன்" என்று நினைத்தவுடனே கை தானாக 'ஐ ஆம்' என்று ஆரம்பித்து, ஒத்துக்கொள்வதற்கு 'அக்ரீ' என்று முடிக்கிறது. உண்மையில் 'நான்' என்றால் வெறும் 'ஐ' மட்டும்தான். 'ஆம்' என்பதே தனியாக ஒரு வினைச்சொல், 'இருக்கிறேன்' மாதிரி. "ஐ ஆம் அக்ரீ" என்றால் கிட்டத்தட்ட "நான் இருக்கிறேன் ஒத்துக்கொள்" என்று சொன்ன மாதிரி.

நாம் மட்டும் இல்லை, ஸ்பானிஷ் பேசுகிறவர்களும் இதே தவறைச் செய்வார்கள். அவர்கள் மொழியில் ஒத்துக்கொள்வதற்கு "எஸ்தோய் தே அக்வெர்தோ" என்பார்கள், அதில் முதல் சொல்லுக்கே 'ஆம்' என்றுதான் பொருள். வழி வேறு, விழுகிற பள்ளம் ஒன்று.

இன்னொரு காரணமும் உண்டு. 'அ' ஒலியில் தொடங்கி 'ஆம்'முக்குப் பின்னால் சரியாக உட்காரும் சொற்கள் ஒரு கூட்டமே இருக்கின்றன: அஃப்ரெய்ட், அவேர், அலோன், அவேக், அஷேம்ட். இவை எல்லாம் ஆளின் நிலையைச் சொல்கிற பெயரடைகள், அதனால் "ஐ ஆம் அஃப்ரெய்ட்" சரி, "ஐ ஆம் அவேர் ஆஃப் இட்" சரி. அக்ரீயும் காதுக்கு அதே மாதிரி கேட்பதால் அந்த வரிசையில் நைசாகப் புகுந்துகொள்கிறது. ஒத்துக்கொள்வது ஒரு மனநிலை மாதிரி தோன்றுவதும் இதற்கு உதவி செய்கிறது.

அப்படியானால் எதற்கு 'ஆம்' போடலாம், எதற்குக் கூடாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இலக்கணப் பெயர் எதுவும் வேண்டாம், வாக்கியத்தை நேற்றைக்குத் தள்ளிப் பாருங்கள். அக்ரீ நேற்று 'அக்ரீட்' ஆகும், ஹோப் 'ஹோப்ட்' ஆகும், அண்டர்ஸ்டேண்ட் 'அண்டர்ஸ்டுட்' ஆகும். சொல் தானே உருமாறி இறந்தகாலத்துக்குப் போகிறது என்றால் அது வினைச்சொல், அதற்கு 'ஆம்' தேவையில்லை. ஹேப்பி அப்படி மாறாது. நேற்று "ஐ வாஸ் ஹேப்பி"தான், அதாவது மாறியது ஹேப்பி இல்லை, 'ஆம்'தான் 'வாஸ்' ஆனது. 'ஓபன்' மாதிரி சில சொற்கள் இரண்டு வேடமும் போடும், அங்கே இந்தச் சோதனை கொஞ்சம் தடுமாறும், ஆனால் அன்றாடம் மாட்டுகிற சொற்களுக்கு இது போதும்.

தவறு அதிகமாக வெளியே வருவது மறுக்கும்போதும் கேட்கும்போதும்தான். "ஐ அக்ரீ" என்று சரியாகச் சொல்பவரே கோபத்தில் "ஐ ஆம் நாட் அக்ரீ" என்றுவிடுவார். அது "ஐ டோன்ட் அக்ரீ". கேள்வி "ஆர் யூ அக்ரீ?" இல்லை, "டூ யூ அக்ரீ?" அதற்குப் பதிலும் "யெஸ், ஐ ஆம்" என்று வராது, "யெஸ், ஐ டூ". அடுத்தவரைப் பற்றிச் சொன்னால் "ஹி அக்ரீஸ்", அங்கே 'இஸ்'ஸுக்கு வேலையில்லை.

இப்போது மெயிலுக்கு வருவோம். முதல் வரியில் 'ஆம்' போய்விட வேண்டும், கூடவே 'வித்'தும் போக வேண்டும். ஆளோடும் கருத்தோடும் ஒத்துப்போனால் 'வித்', யாரோ முன்வைத்த ஒரு விஷயத்துக்குச் சம்மதித்தால் 'டு'. அதனால் "ஐ அக்ரீ டு தி சேலரி யூ ஆஃபர்ட்".

இரண்டாவது வரியில் 'ஆம்' எடுத்தால் "ஐ பிலாங் டு திருநெல்வேலி", கடைசியில் இருந்த 'ஸ்'ஸும் விழுந்துவிடும். இலக்கணம் சரி, ஆனால் ஊரைச் சொல்ல ஆங்கிலத்தில் இயல்பாக வருவது "ஐ ஆம் ஃப்ரம் திருநெல்வேலி". இங்கே 'ஆம்' திரும்ப வந்துவிட்டதே என்றால், ஆமாம், 'ஃப்ரம்' வினைச்சொல் இல்லையே, வாக்கியத்துக்கு ஒரு வினை வேண்டாமா?

மூன்றாவது கொஞ்சம் சூட்சுமமானது. "ஐ ஆம் கம்ப்ளீட்டட்" என்றால் முடிக்கப்பட்டது நீங்கள்தான் என்று ஆகிவிடும். "தி கோர்ஸ் இஸ் கம்ப்ளீட்டட்" சரி, ஏனென்றால் முடிந்தது படிப்பு. படித்து முடித்த ஆள் "ஐ கம்ப்ளீட்டட் பி.காம் இன் 2022" என்று எழுத வேண்டும். நம்ம ஊர் ரெஸ்யூமேக்களில் நான் அதிகம் பார்ப்பது இந்தத் தவறைத்தான்.

நாலாவது, "ஐ ஹோப் டு ஹியர் ஃப்ரம் யூ சூன்". 'ஐ ஆம் ஹோப்பிங்' என்றாலும் தப்பில்லை. ஆனால் அதைப் பார்த்து 'ஐ ஆம் அக்ரீயிங்' என்று பொதுவாக எழுத வேண்டாம், சம்மதத்தைச் சொல்ல "ஐ அக்ரீ"தான் வழக்கம்.

இதெல்லாம் சொன்ன பிறகு பையன் மடக்கினான்: "ஒரு மீட்டிங் வீடியோல 'வி ஆர் அக்ரீட்'னு ஒரு வெள்ளைக்காரர் சொன்னாரே?" நல்ல கேள்வி. அது சரிதான். பேசிப் பேசி எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம் என்று சொல்ல "வி ஆர் அக்ரீட்" என்பார்கள். கடைசியில் அந்த 'ட்' இருப்பதைக் கவனியுங்கள், அங்கே அது பெயரடையாகிவிட்டது. சேர்ந்து எட்டிய முடிவு என்பதால் தனியாளாக "ஐ ஆம் அக்ரீட்" என்று இப்போது பெரும்பாலும் சொல்வதில்லை.

அரைமணி நேரம் கழித்துத் திருத்தின மெயில் வந்தது. நாலு வரியும் சரி. சந்தோஷத்தில் புதிதாக ஐந்தாவது வரி ஒன்று சேர்த்திருந்தான்: "ஐ வெரி ஹேப்பி டு ஜாயின்." கண்ணில் பட்ட எல்லா 'ஆம்'மையும் பிடுங்கிப் போட்டிருக்கிறான். "ஹேப்பியை நேத்துக்குத் தள்ளிப் பாருடா" என்று பதில் போட்டேன். இரண்டு நிமிஷத்தில் 'ஆம்' திரும்ப வந்தது.