மூன்றா நாலா? ரக்அத் சந்தேகம் வந்தால்

லுஹர் தொழுகிறீர்கள், ஸஜ்தாவிலிருந்து எழும்போது திடீரென்று சந்தேகம், இப்போது முடிந்தது மூன்றாவது ரக்அத்தா நாலாவதா என்று. நிறையப் பேர் அங்கேயே தொழுகையை முறித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், ஷாபிஈ முறைப்படி அது தேவையில்லை.

குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது மூன்று. எழுந்து இன்னொரு ரக்அத் தொழுது, கடைசி இருப்பில் அத்தஹிய்யாத்தும் ஸலவாத்தும் ஓதி முடித்து, ஸலாம் கொடுப்பதற்கு முன் வழக்கமான ஸஜ்தா போலவே இரண்டு ஸஜ்தா, நடுவில் ஒரு சிறு இருப்பு, அப்புறம் ஸலாம். ஐந்தாகிவிட்டால்? அந்த இரண்டு ஸஜ்தாவும் அதை இரட்டைப்படை ஆக்கிவிடும் என்று முஸ்லிமில் வரும் ஹதீஸே சொல்கிறது.

ஹனஃபிகளுக்குக் கொஞ்சம் வித்தியாசம். அடிக்கடி சந்தேகம் வருபவர் மனம் எந்தப் பக்கம் பலமாகச் சாய்கிறதோ அதை எடுப்பார், எந்தப் பக்கமும் சாயாவிட்டால்தான் குறைந்த எண்ணிக்கை. ஸஜ்தாவும் வலப்பக்கம் ஒரு ஸலாம் கொடுத்த பிறகு, அதன்பின் மறுபடி அத்தஹிய்யாத்து ஓதி முழு ஸலாம்.

மறுபடி ஷாபிஈ முறைக்கு வந்தால், ஸலாம் கொடுத்து முடித்த பிறகு வரும் வெறும் சந்தேகத்தைக் கண்டுகொள்ள வேண்டாம். ஆனால் பாயை மடிக்கும்போதே மூன்றுதான் தொழுதோம் என்று உறுதியாகத் தெரிந்தால், புதிதாகத் தக்பீர் கட்டாமல் எழுந்து, விடுபட்ட ரக்அத்தைத் தொழுது, ஸலாமுக்கு முன் இதே இரண்டு ஸஜ்தாவைச் செய்யுங்கள். நேரம் நீண்டுவிட்டால் மட்டும் முழுசாகத் திரும்பத் தொழ வேண்டும்.