பணி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்: போட்டித் தடை, கண்டுபிடிப்பு உரிமை ஆகிய ஷரத்துகளை வாசிக்கும் முறை

பணி ஒப்பந்தத்தைக் கையில் வாங்குபவர்கள் சம்பளத்துக்கு அடுத்தபடியாகக் கவலையோடு பார்ப்பது, "விலகியபின் ஓராண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது" என்னும் வரியைத்தான். அதற்குச் சில பக்கங்கள் தள்ளி வரும் கண்டுபிடிப்பு உரிமை ஷரத்தைப் பலர் வாசிப்பதே இல்லை. இந்தியச் சட்டத்தின்படி பார்த்தால் இந்த அச்சம் இடம் மாறியிருக்கிறது. முதல் ஷரத்து பெரும்பாலும் நீதிமன்றத்தில் நிற்காது. இரண்டாவது நிற்கக்கூடியது, வேலையை விட்ட பிறகும் தொடரக்கூடியது.

விளக்கத்துக்கு ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கோயம்புத்தூரில் பம்ப் மோட்டார்களுக்குக் கட்டுப்பாட்டுக் கருவி செய்யும் நிறுவனம் ஒன்றில் அவர் மென்பொருள் பொறியாளராகச் சேரவிருக்கிறார். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு எப்போது, எவ்வளவு நேரம் தண்ணீர் விடவேண்டும் என்று கணக்கிடும் கைபேசிச் செயலி ஒன்றைக் கல்லூரிக் காலத்திலிருந்தே சொந்த மடிக்கணினியில் எழுதி வருகிறார்.

படி 1: முழு ஆவணத்தையும் கேட்டுப் பெறுங்கள்

ஆஃபர் லெட்டர் மூன்று பக்கம்தான் இருக்கும். ஆனால் அதில் "நிறுவனத்தின் கொள்கைகளும் அவற்றில் அவ்வப்போது செய்யப்படும் திருத்தங்களும் இவ்வொப்பந்தத்தின் பகுதியாகும்" என்று ஒரு வரி இருக்கும். கண்டுபிடிப்பு ஷரத்து பெரும்பாலும் அந்தக் கொள்கை ஆவணத்திலோ தனியான ரகசியக் காப்பு ஒப்பந்தத்திலோ ஒளிந்திருக்கும். அவற்றையும் எச்.ஆரிடம் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பிடிஎஃப் கோப்பிலும் இந்தச் சொற்களைத் தேடுங்கள்:

```
compete
solicit
invention
assign
governing law
```

படி 2: போட்டித் தடையைக் காலத்தால் பிரியுங்கள்

பணியில் இருக்கும்போது விதிக்கும் தடை வேறு, விலகிய பிறகு விதிக்கும் தடை வேறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவின்படி, ஒருவர் சட்டபூர்வமான தொழிலைச் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. பணிக்காலத்துக்குள் விதிக்கும் தடையை 1967இல் கோலிகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் நடுவிலேயே விலகி வேறொரு ஆலையில் சேர்ந்தவரை, ஒப்பந்தக் காலம் முடியும்வரை தடுத்தது. விலகிய பிறகும் நீளும் தடையைப் பொறுத்தவரை, கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான 2006 வழக்கில், 27ஆம் பிரிவின் கீழ் அது செல்லாது என்று அதே நீதிமன்றம் கூறியது.

அதனால் இந்த ஷரத்தைப் பொருட்படுத்தவே வேண்டாம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. செல்லாத ஷரத்தைக் காட்டி வக்கீல் நோட்டீஸ் அனுப்ப முடியும். அதைக் கண்டு புதிய நிறுவனம் பின்வாங்கவும் கூடும். ரகசியத் தகவலை வெளியிடாமை என்னும் கடமை விலகிய பிறகும் செல்லும். குறிப்பிட்ட காலம் பணியாற்றாவிட்டால் பணம் கட்டவேண்டும் என்னும் பாண்டு முற்றிலும் வேறு விஷயம். 2025இல் ஒரு பொதுத்துறை வங்கி விதித்த 2 லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தத்துக்குப் பொருந்தும் சட்டம் எந்த நாட்டுடையது என்பதையும் பாருங்கள். இங்கிலாந்து, சிங்கப்பூர் போன்ற நாடுகளின் சட்டத்தில், நியாயமான அளவில் அமைந்த தடை விலகிய பிறகும் செல்லுபடியாகக்கூடும்.

படி 3: கண்டுபிடிப்பு ஷரத்தை மூன்று கேள்விகளால் அளவிடுங்கள்

இங்கே நிதானமாக வாசிக்க வேண்டும். பணியின் போக்கில் நீங்கள் எழுதும் நிரலின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி முதலிலிருந்தே நிறுவனத்துக்கு உரியது. காப்புரிமைச் சட்டத்தில் ஊழியரின் கண்டுபிடிப்பு தானாகவே முதலாளியைச் சேரும் என்னும் விதி இல்லை. எழுத்து மூலமான ஒப்படைப்பால்தான் அது கைமாறுகிறது. நீங்கள் கையெழுத்திடவிருக்கும் ஷரத்து அந்த ஒப்படைப்பாகவே இருக்கக்கூடும் என்பதால் அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை உண்டு.

நம் பொறியாளருக்கு வந்த ஷரத்து இப்படி இருப்பதாகக் கொள்வோம்: "பணிக்காலத்திலும் அதன்பின் 12 மாதங்களிலும், அலுவலக நேரத்திலோ அதற்கு வெளியிலோ, ஊழியர் தனியாகவோ பிறருடன் சேர்ந்தோ உருவாக்கும் அனைத்துக் கண்டுபிடிப்புகளும் மென்பொருள்களும் நிறுவனத்துக்கே உரியவை."

எப்போது உருவாக்கியது? இரவும் ஞாயிற்றுக்கிழமையும் இதில் அடக்கம். விலகியபின் ஓராண்டும் அடக்கம். எதைப் பற்றியது? "அனைத்து" என்று இருக்கிறது. நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புள்ளது என்னும் வரம்பு இல்லை. எதைக் கொண்டு உருவாக்கியது? நிறுவனத்தின் கருவிகளையோ ரகசியத் தகவலையோ பயன்படுத்தியது என்னும் நிபந்தனையும் இல்லை. மூன்று கேள்விகளுக்கும் வரம்பு கிடைக்காத ஷரத்தில், சேர்ந்தபின் பாசனச் செயலியில் அவர் எழுதும் ஒவ்வொரு புதிய வரியையும் நிறுவனம் தனதென்று கேட்க இடமிருக்கிறது. பம்பும் பாசனமும் நெருங்கிய துறைகள் என்பதால் அந்தக் கோரிக்கை வெறும் கற்பனையாகவும் இராது.

படி 4: வினைச்சொல்லைப் பாருங்கள்

"அக்ரீஸ் டு அசைன்" என்றால் பின்னொரு நாள் ஒப்படைப்பதாக வாக்குறுதி. "ஹியர்பை அசைன்ஸ்" என்றால் இப்போதே ஒப்படைத்தல். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஆராய்ச்சியாளர் முதல் வகையிலும், பின்னர் சீடஸ் என்னும் நிறுவனத்துக்கு இரண்டாம் வகையிலும் எழுதிக் கொடுத்திருந்தார். அதனால் எச்ஐவி அளவைக் கணக்கிடும் முறையொன்றின் காப்புரிமையில், சீடஸின் உரிமையைப் பின்னர் வாங்கிய ரோஷ் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு என்று ஆனது. 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்திலும் ஸ்டான்ஃபோர்டு தோற்றது. இது இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இந்திய ஒப்பந்தங்கள் பலவற்றில் இதே சொற்றொடர்கள் வருவதால் வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

படி 5: முன்னரே உள்ளவற்றைப் பட்டியலிடுங்கள்

பல ஒப்பந்தங்களின் இறுதியில் "முந்தைய கண்டுபிடிப்புகள்" என்று ஓர் இணைப்பு இருக்கும். அதை வெற்றாக விட்டால், எதுவும் இல்லை என்று நீங்களே சொன்னதாகக் கொள்ளப்படும். இணைப்பே இல்லையென்றால் கேட்டுச் சேர்க்கவேண்டும். பெயர், தொடங்கிய மாதம், ஒரு வரி விளக்கம் ஆகியவை போதும். உள்ளே இயங்கும் கணக்கீட்டு முறையை எழுதவேண்டியதில்லை. நம் பொறியாளர் தம் நிரலின் பழைமையைக் காட்ட இந்தக் கட்டளையின் வெளியீட்டைச் சேமிக்கலாம்:

```
git log --reverse --date=iso
```

இந்தத் தேதிகளை மாற்றி எழுத முடியும் என்பதால் இது மட்டும் போதாது. பணியில் சேரும் நாளுக்கு முன்பே நிரலை வெளிச் சேமிப்பகம் ஒன்றில் ஏற்றிவைப்பதும், அதன் பிரதியைத் தம் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்வதும் வலுவான சான்றாகும். சேர்ந்த பிறகு அந்தச் செயலியை அலுவலக மடிக்கணினியில் ஒருமுறைகூடத் திறக்கக் கூடாது.

படி 6: திருத்தத்தை எழுத்தில் கேளுங்கள்

மறுப்பதைவிட வரம்பு கேட்பது எளிதில் நடக்கும். இப்படி எழுதலாம்: "நிறுவனத்தின் கருவிகளையும் ரகசியத் தகவல்களையும் பயன்படுத்தாமல், என் சொந்த நேரத்தில் உருவாக்கப்பட்டு, எனக்கு ஒதுக்கப்பட்ட பணியோடு தொடர்பில்லாதவை இந்த ஷரத்தில் அடங்கா, இணைப்பில் குறிப்பிட்ட செயலியும் அதன் பிற்காலத் திருத்தங்களும் என்னுடையவை." கடைசிப் பகுதி நம் பொறியாளருக்கு மிக அவசியம், பழைய நிரல் மட்டும் தம்முடையதாகி, புதிய பதிப்பு நிறுவனத்துடையதானால் செயலியை அவரால் வெளியிடவே முடியாது. விலகியபின் வரும் 12 மாதங்களை நீக்கவோ, நிறுவனத்தின் ரகசியத் தகவலைக் கொண்டு உருவாக்கியவற்றுக்கு மட்டும் எனச் சுருக்கவோ தனியே கேட்கவேண்டும்.

"அதெல்லாம் நாங்கள் பயன்படுத்துவதே இல்லை, சும்மா இருக்கும் வரி" என்று எச்.ஆர். தொலைபேசியில் சொன்னால், அதையே மின்னஞ்சலில் உறுதிப்படுத்தும்படி கேளுங்கள். அந்த மின்னஞ்சலோடும் நிறுத்திவிட வேண்டாம். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் "இவ்வாவணமே முழு உடன்பாடு, இதற்கு முந்தைய பேச்சுகள் எதுவும் செல்லாது" என்று ஒரு ஷரத்து இருந்தால், நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர் ஒப்பமிட்ட திருத்த இணைப்புதான் உங்களைக் காக்கும். அந்த இணைப்பு கைக்கு வந்த பிறகு, ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் ஒப்பமிட்ட ஒரு பிரதியை வாங்கி வீட்டில் வையுங்கள். அலுவலக மின்னஞ்சலில் மட்டும் இருக்கும் பிரதி, விலகும் நாளில் கணக்கு முடக்கப்படும்போது உங்கள் கையைவிட்டுப் போய்விடும்.