பெட்டியில் அந்த ட்யூபை வைக்காதீர்கள்: கைக்குழந்தையோடு லண்டன் வரும் நம் ஊர்க்காரர்களுக்கு

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கமிருந்து கைக்குழந்தையோடு இங்கிலாந்து வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வந்த வாரமே பக்கத்தில் உள்ள ஜி.பி.யிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், பிள்ளையின் பெயரைப் பதிந்துவிடுங்கள். பதியக் காசு கிடையாது, பிள்ளைகளுக்கு மருந்துச் சீட்டுக்கும் காசு கிடையாது. அது சுலபமான வேலை. நான் சொல்ல வந்தது எக்ஸிமா என்கிற கரப்பான் தோல் நோயையும், அதற்கு நம் ஊர் மருந்துக்கடையில் வாங்கிய ஒரு ட்யூபையும் பற்றி.

மகனுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, அக்டோபரில் வந்தோம். டிசம்பருக்குள் கன்னம் இரண்டும் சொரசொரவென்று ஆகி, முழங்கை மடிப்பில் தோல் கறுத்துத் தடித்துவிட்டது. ஹீட்டர் ஓடும் அறையில் காற்று காய்ந்து கிடக்கும், லண்டன் தண்ணீரும் கடின நீர். இங்கே படங்களில் கரப்பான் சிவப்பாக இருக்கும், நம் பிள்ளைகளின் தோலில் அப்படித் தெரியாது. சாம்பல் பூத்தோ கரும்பழுப்பாகவோ இருக்கும், அதனால் டாக்டரே லேசாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், இரவில் எத்தனை தடவை அரிப்பில் எழுகிறான் என்பதையும் சொல்லுங்கள்.

ஜி.பி. பம்ப் வைத்த பெரிய டப்பாவில் ஒரு மாய்ஸ்சரைசரும், 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் ட்யூபும் எழுதிக் கொடுத்தார். ஸ்டீராய்டு என்று கேட்டதும் எனக்குப் பயம். மாய்ஸ்சரைசரை மட்டும் காசு போல எண்ணி எண்ணித் தடவினேன், ட்யூபை அலமாரியில் வைத்துவிட்டேன்.

பிப்ரவரியில் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனோம். வேர்வையில் அவனுக்கு அரிப்பு இன்னும் கூடியது. வீட்டில் எல்லோரும் என் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டார்கள், கத்தரிக்காய் வேண்டாம், கருவாடு வேண்டாம், மீனும் வேண்டாம் என்று. மீன் இல்லாமல் கீழக்கரையில் இரண்டு வாரம்! உம்மா சொன்னதற்காக இருந்தேன், ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் ஒரு சொந்தக்காரர் மருந்துக்கடையில் ஒரு ட்யூப் வாங்கி வந்து, "கொஞ்சமாப் போடும்மா, மூணு நாள்ல பாரு" என்றார். மூன்றாம் நாள் கன்னம் வழவழவென்று ஆகிவிட்டது. உம்மா அழுதே விட்டார்கள். நான் நான்கு ட்யூப் வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.

அந்த ட்யூபில் பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, அவற்றோடு க்ளோபெட்டசால் 0.05 சதவீதம் என்று எழுதியிருந்தது. ஜி.பி. கொடுத்தது 1 சதவீதம், இது 0.05 சதவீதம், அப்படியென்றால் இதுதான் மென்மையானது என்று நான் கணக்குப் போட்டேன். எங்களை ஏமாற்றியது அந்தக் கணக்குதான். ஸ்டீராய்டு க்ரீமின் வீரியம் சதவீதத்தில் இல்லை, மருந்தின் பெயரில் இருக்கிறது. ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் மிக லேசான படி. க்ளோபெட்டசோன் 0.05 சதவீதம் நடுத்தரம். பீட்டாமெத்தசோன் வாலரேட் 0.1, மொமெட்டசோன் 0.1 இரண்டும் வீரியமானவை. க்ளோபெட்டசால் 0.05 எல்லாவற்றுக்கும் மேலே, மிக வீரியமான படி. க்ளோபெட்டசோன், க்ளோபெட்டசால்: கடைசி அசையில்தான் வித்தியாசம், சதவீதமும் ஒன்றே, ஆனால் வீரியத்தில் இரண்டு படி ஏற்றம்.

லண்டன் திரும்பி ஐந்து வாரம் போட்டேன், கன்னத்திலும் தொடை இடுக்கிலும். நிறுத்தினால் இரண்டு நாளில் முன்னைவிட மோசமாகத் திரும்பும், உடனே மறுபடி போடுவேன். பிறகு ஒரு காலை வெளிச்சத்தில் பார்த்தேன், கன்னத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மினுங்கியது, உள்ளே நூல் போல ரத்த நாளங்கள் தெரிந்தன. ஜி.பி. ட்யூபைத் திருப்பிப் பார்த்த அன்றே மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு அனுப்பினார். குழந்தைக்கு உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், மருந்து ரத்தத்தில் இறங்கும், நாப்பி மூடிய இடத்தில் இன்னும் அதிகமாக. உடம்பு தானே சுரக்கிற கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறைந்துவிடலாம் என்று காலையில் ரத்தம் எடுத்தார்கள். நல்லவேளை, குறையவில்லை. உங்களில் யாராவது ஏற்கெனவே வாரக்கணக்கில் அதைப் போட்டுக்கொண்டிருந்தால், திடீரென்று நீங்களாக நிறுத்தாமல் ட்யூபோடு டாக்டரிடம் போங்கள்.

அங்கே இருந்த நர்ஸ் அரை மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. சொறிந்தால் தோல் கிழிகிறது, கிழிந்த தோல் ஈரத்தை விடுகிறது, தூசியும் சோப்பும் உள்ளே போய் வீக்கம் வருகிறது, வீக்கம் மறுபடி அரிக்கிறது. இந்தச் சுற்றை மாய்ஸ்சரைசர் ஒரு பக்கம், சரியான ஸ்டீராய்டு ஒரு பக்கம் என்று சேர்ந்துதான் வெட்ட முடியும். வாரத்துக்குக் கால் கிலோ மாய்ஸ்சரைசர் தீர வேண்டும் என்றார். நான் ஒரு மாதத்துக்கு அவ்வளவு கூடத் தீர்த்ததில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம், சோப்பும் பயத்தமாவும் இல்லாமல் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் முடி வளரும் திசையில் நீவிவிட வேண்டும், தேய்க்கக் கூடாது. தேங்காய் எண்ணெய் மாய்ஸ்சரைசரின் இடத்தை நிரப்பாது. ஒரு எச்சரிக்கை: க்ரீம் ஊறிய துணி சீக்கிரம் தீப்பற்றும், அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

ஸ்டீராய்டுக்கு அளவு பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கிய நீளம். அது ஏறக்குறைய அரை கிராம், பெரியவர் கை இரண்டின் உள்ளங்கையும் விரல்களும் மூடுகிற அளவுத் தோலுக்குப் போதும். மகனுக்கு முகத்துக்கு ஹைட்ரோகார்ட்டிசோன், முழங்கைக்கு க்ளோபெட்டசோன் ஏழு நாள். இந்தப் பெயரைப் பார்த்து வீட்டுக்காரர் நடுங்கியே போனார், அதே மருந்து என்று நினைத்து. மாய்ஸ்சரைசர் போட்டு அரை மணி கழித்து, சொரசொரப்பு உள்ள இடத்தில் மட்டும் பூசினோம். அரிப்பும் சொரசொரப்பும் போய் இரண்டு நாள் கழித்து நிறுத்தச் சொன்னார்கள். கறுப்புத் தடம் மட்டும் மிச்சமிருந்தால் அதற்கு மருந்து வேண்டாம், அது மாதக்கணக்கில் தானாக மங்கும். மஞ்சள் பொருக்குத் தட்டி நீர் வடிந்தால் கிருமி. வலியுள்ள சின்னக் குழிகள் கொத்தாக வந்து காய்ச்சலும் இருந்தால் அது ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இரவுக்கு நகம் ஒட்ட வெட்டினோம், பருத்தி உறை மாட்டினோம், ஹீட்டரைத் தணித்தோம். அரிக்கும்போது சொறிவதற்குப் பதில் குளிர்ந்த ஈரத்துணியை வைத்து அழுத்தினோம். ஆறாம் இரவு நான்கு மணி நேரம் ஒரே தூக்கம் தூங்கினான். நான்தான் தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உம்மாவிடம் போனில் சொன்னேன், பக்கத்து வீட்டுப் பேரனுக்கும் அதே ட்யூப்தான் போடுகிறார்களாம். படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.