இன்னொரு வருடம் ஒன்பதாம் வகுப்பு: பெற்றோருக்கு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து, மறுதேர்வும் முடிந்து, ஒரு பையன் ஒன்பதாம் வகுப்பையே இன்னொரு வருடம் படிக்கட்டும் என்று பள்ளி முடிவெடுத்துவிட்டது. அதைப் பெற்றோருக்கு எழுதிச் சொல்வது வகுப்பாசிரியரின் வேலை. வருடத்தில் ஒன்றிரண்டு கடிதங்கள்தான் இப்படி எழுத வேண்டியிருக்கும். ஆனால் அந்த ஒன்றிரண்டுதான் கை நடுங்க வைக்கும்.

நான் எழுதிய முதல் கடிதத்தில் "கவனக்குறைவு காரணமாகத் தங்கள் மகன் போதிய தேர்ச்சி பெறவில்லை" என்று ஒரு வரி இருந்தது. அந்த வீட்டில் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுபவர், இரவு பத்து மணிக்கு மேல்தான் வருவார். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் "என்னடா எழுதியிருக்காங்க, நீயே படி" என்று மகனிடமே கொடுத்திருக்கிறார். அவன் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்து, 'கவனக்குறைவு' என்ற இடத்தில் நிறுத்திவிட்டானாம். அதற்கு மேல் படிக்கவில்லை. பிறகு அவனைப் பள்ளிக்குத் திரும்ப அழைத்து வர மூன்று வாரம் ஆனது.

அன்றிலிருந்து, கடிதத்தைப் பையன்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டப்போகிறான் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் அந்த ஒரு நினைப்பு இல்லாததால் வருபவைதான்.

எடுக்கக்கூடிய முடிவுதானா என்று பார்க்காமல் எழுதுவது

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து, தவறியவர்களுக்கு இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வும் வைத்து, அதிலும் தவறினால் நிறுத்திவைக்கலாம் என்ற வழி அரசுகளுக்குத் தரப்பட்டது. மத்திய அரசு 2024 டிசம்பரில் தன் பள்ளிகளுக்கு இதை விதியாக்கியது. தமிழ்நாடு அந்த வழியை எடுக்கவில்லை. ஆகவே இங்கே மாநிலப் பாடத்திட்டத்தில் ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளையின் வீட்டுக்கு இப்படி ஒரு கடிதம் போகவே கூடாது. ஒன்பதாம் வகுப்பில்தான் இந்தக் கேள்வியே முதன்முதலாக வருகிறது. எட்டுவரை எந்தத் தடையும் இல்லாமல் வந்த வீட்டுக்கு இது பேரிடியாக இருப்பதற்குக் காரணமும் அதுதான்.

கடிதமே முதல் செய்தியாகப் போவது

இதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். கடிதத்தை எவ்வளவு பக்குவமாக எழுதினாலும் இதைச் சரிசெய்ய முடியாது. காலாண்டில் கணிதம் 14, அரையாண்டில் 16 என்று வந்தபோது ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்கியதோடு விட்டுவிட்டு, ஜூன் மாதம் கடிதம் அனுப்பினால், பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "அப்பவே ஏன் சொல்லல?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு நம்மிடம் பதில் இருக்காது.

அரையாண்டு விடைத்தாள் கைக்கு வந்ததுமே, ஜனவரியில், வரச்சொல்லி நேரில் பேச வேண்டும். "இப்படியே போனால் இந்த வகுப்பை மறுபடியும் படிக்க வேண்டி வரலாம்" என்று அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். "கொஞ்சம் கவனிச்சுக்கோங்க" என்று சொல்லி அனுப்பினால் அது எச்சரிக்கை ஆகாது. ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லாப் பெற்றோரிடமும் சொல்வது அது. பேசிய தேதியைக் குறித்து வைத்துக்கொண்டால், பிறகு கடிதத்தில் "ஜனவரியில் நாம் பேசியதுபோல" என்று தொடங்க முடியும். அந்த மூன்று சொல் இருந்தாலே கடிதத்தின் கனம் பாதி குறைந்துவிடும்.

மறுதேர்வு முடிந்து முடிவு உறுதியானதும் முதலில் நேரில் கூப்பிட்டுப் பேச வேண்டும். கடிதம் அதற்கு அப்புறம்தான், அன்றே கையில் கொடுக்க வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் பட்டியல் போடுவதும், கேட்டில் எண்களை ஒட்டுவதும் வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இல்லை இது.

முடிவைச் சொற்களுக்குள் ஒளித்து வைப்பது

கனிவாக எழுத நினைத்துத்தான் இந்தத் தவறைச் செய்கிறோம். "தங்கள் மகனின் நலன் கருதி, அடுத்த கல்வியாண்டில் அவரது கற்றலை வலுப்படுத்துவது குறித்துப் பள்ளி பரிசீலித்துள்ளது" என்று ஒரு வரியை ஒருமுறை பார்த்தேன். அந்த அம்மா அதைக் கூடுதல் வகுப்பு வைக்கப்போகிறார்கள் என்று புரிந்துகொண்டு, பத்தாம் வகுப்புக்கு கைடு வாங்கி அட்டையும் போட்டுவிட்டார். பள்ளி திறந்த அன்று, பத்தாம் வகுப்பு வாசலில் நின்ற பையனை எல்லோர் முன்னிலையிலும் திருப்பி அனுப்பும்படி ஆகிவிட்டது.

முதல் இரண்டு வரிக்குள் மூன்று செய்தி வந்துவிட வேண்டும்: எந்த வகுப்பு, எந்த ஆண்டு, முடிவு உறுதியா இல்லையா. "பரிசீலனை", "தக்க நடவடிக்கை", "தாங்கள் ஒத்துழைக்குமாறு" எல்லாம் அலுவலகத்துக்கு எழுதும் தமிழ். வீட்டுக்கு வேண்டாம். முடிவு மாற வாய்ப்பு இருந்தால், யாரை, எந்தத் தேதிக்குள் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். வாய்ப்பு இல்லையென்றால் "பார்ப்போம்" என்று ஒரு வார்த்தைகூட எழுதாதீர்கள்.

பிள்ளையைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது

மந்தம், பொறுப்பில்லை, அக்கறை போதாது, வீட்டில் கவனிப்பு இல்லை. இவற்றில் எதுவும் நமக்கு நிச்சயமாகத் தெரியாது. நமக்குத் தெரிந்தது விடைத்தாள். அதிலிருந்துதான் எழுத வேண்டும், அதுவும் வெறும் மதிப்பெண்ணாக இல்லாமல்.

ஒரு பையனுக்குக் கணிதத்தில் 18. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழைய கணக்குகளைப் போடச் சொன்னேன். −7 + 4 என்று கொடுத்தால் −11 என்று எழுதினான். 1/2 + 1/3 என்றால் மேலே உள்ளவற்றைத் தனியாகவும் கீழே உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டி 2/5 என்றான். இவை ஏழாம் வகுப்புக்குள் தெரிந்திருக்க வேண்டியவை. ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் காரணிப்படுத்தும்போது குறி மாறினால் விடையே மாறிவிடும். பத்தாம் வகுப்பின் இருபடிச் சமன்பாடு அதன் மேல்தான் நிற்கிறது. இதைச் சொன்னால் "என் பையன் மக்கு" என்ற எண்ணம் வராது. எங்கே விட்டுப்போயிருக்கிறது என்பது அம்மாவுக்கும் புரியும், வாசிக்கிற பையனுக்கும் புரியும். அவனால் முடிகிறதையும் அதேபோல விவரமாக எழுத வேண்டும். "நல்ல பையன்" என்று எழுதி ஒப்பேற்றக் கூடாது.

அடுத்த வருடம் என்ன மாறும் என்று சொல்லாமல் விடுவது

அதே பாடத்தை, அதே ஆசிரியர், அதே முறையில் இன்னொரு வருடம் நடத்தினால் பெரும்பாலும் அதே மதிப்பெண்தான் வரும். வகுப்பில் நிறுத்துவதால் மட்டுமே படிப்பு முன்னேறிவிடாது என்றுதான் ஆய்வுகளும் பொதுவாகச் சொல்கின்றன. தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டிய பையன், படிப்பையே விட்டுவிடும் அபாயமும் உண்டு. எனவே, என்ன மாறும் என்று எழுத நம்மிடம் எதுவும் இல்லையென்றால் முடிவையே மறுபடி யோசிக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் குறைந்துவிடும் என்பதுதான் உண்மையான காரணம் என்றால், அந்த முடிவைத் தலைமையாசிரியரிடமே எதிர்த்துப் பேசுவது வகுப்பாசிரியரின் கடமை. "டி.சி. வாங்கிக்கொண்டால் பாஸ் போட்டுத் தருகிறோம்" என்பதும் இதே வகைதான். அதற்கு நாம் துணைபோகக் கூடாது.

மேலே சொன்ன பையனுக்கு நான் எழுதிய கடிதம் இது. பெயர் இருந்த இடங்களில் 'தம்பி' என்று போட்டிருக்கிறேன்.

> அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு வணக்கம்.
>
> ஜனவரியிலும் இன்றும் நாம் பேசியதுபோல, தம்பி வரும் கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பையே மறுபடியும் படிக்க வேண்டும் என்று பள்ளி முடிவு செய்திருக்கிறது. இது உறுதியான முடிவு.
>
> முழு ஆண்டுத் தேர்வில் கணிதம் 18, அறிவியல் 27, ஆங்கிலம் 31. மறுதேர்வில் ஆங்கிலத்தில் 37 எடுத்துத் தேறிவிட்டான். கணிதத்தில் 22, அறிவியலில் 30 வந்திருக்கிறது. தேர்ச்சிக்கு 35 வேண்டும்.
>
> பின்னக் கணக்கும் குறை எண் கணக்கும் முன்பே விட்டுப்போயிருக்கின்றன. அதைக் கவனித்து முன்பே சரிசெய்திருக்க வேண்டியது பள்ளியின் பொறுப்பும்கூட. தமிழில் 52 எடுத்திருக்கிறான். படித்த பாடத்தைச் சொந்த வார்த்தையில் எழுத அவனுக்கு நன்றாக வருகிறது.
>
> ஜூன், ஜூலை இரண்டு மாதமும் தினமும் மாலை 4.15 முதல் 5 மணி வரை அவனுக்கு அடிப்படைக் கணக்கு மட்டும் நடத்துவோம். வேறு பிரிவில், வேறு கணித ஆசிரியரிடம் படிப்பான். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் எது வந்துவிட்டது, எது வரவில்லை என்று நானே போனில் சொல்கிறேன்.
>
> வீட்டில் அவனைத் திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம். தினமும் நேரத்துக்குப் பள்ளிக்கு அனுப்பிவைத்தால் போதும். சந்தேகம் இருந்தால் இரவு 9 மணிவரை என்னைக் கூப்பிடலாம்.

பள்ளியின் பொறுப்பைச் சொல்லும் வரியை எடுத்துவிடச் சொல்லித் தலைமையாசிரியர் கேட்டார். பின்னம் தெரியாமலே ஒருவன் ஒன்பதாவதுவரை வந்திருக்கிறான் என்றால் அதில் நமக்கும் பங்கு உண்டு சார் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கடைசிப் பத்தியைப் பலர் தேவையில்லாதது என்று நினைக்கிறார்கள். நான் அதை ஒருபோதும் விடுவதில்லை. முடிவு தெரிந்த அன்றைய இரவுதான் பிள்ளைக்கு மிகவும் ஆபத்தான நேரம். வெள்ளிக்கிழமை மாலை கடிதம் கொடுத்துவிட்டு இரண்டு நாள் பள்ளியைப் பூட்டிவிட்டுப் போவது அதனால்தான் கூடாது. திங்கள் அல்லது செவ்வாய் காலையில் கொடுங்கள். பையனையும் உள்ளே கூப்பிட்டு, அவன் முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள். இரவு ஒரு போன் போடுங்கள்.

இந்தப் பையன் வீட்டுக்கு எட்டரைக்குப் போன் போட்டேன். அம்மாதான் எடுத்தார். "படிச்சுக் காட்டினான் சார், முழுசா படிச்சான்" என்றார். அப்புறம், பழைய ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் பரணில்தான் இருக்கிறது, அதுவே போதுமா, இல்லை புதுசு வாங்க வேண்டுமா என்று கேட்டார். அதுவே போதும் என்றேன்.