‘லீட் ஆடிட்டர் சான்றிதழ் கட்டாயம்’ என்று போட்டிருந்தால் ரெக்ரூட்டரிடம் எப்படிக் கேட்பது?

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலை ஃபேக்டரிகளில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவர்கள் அடுத்த வேலை தேடும்போது ஒரு வரியில் வந்து நின்றுவிடுகிறார்கள். "ஐ.எஸ்.ஓ. 22000 லீட் ஆடிட்டர் சான்றிதழ் கட்டாயம்." ஐ.எஸ்.ஓ. 22000 என்பது உணவுப் பாதுகாப்புக்கான தரநிலை. வருடக்கணக்காக அதே வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள், காகிதம் மட்டும் இருக்காது. விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. கேட்டுப் பார்க்கலாம், ஆனால் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது.

1. அந்தச் சான்றிதழை யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள்

சட்டம் கேட்டால் பேச்சே இல்லை. பாய்லர் அட்டெண்டண்ட் வேலைக்குச் சான்றிதழ் கேட்டிருந்தால் அது பாய்லர் சட்டத்தின் கீழ் வருவது. இருபது வருடம் பாய்லர் ஓட்டியிருந்தாலும் ரெக்ரூட்டரால் ஒன்றும் செய்ய முடியாது, கேட்காதீர்கள். வாங்குகிற கம்பெனி தன் ஒப்பந்தத்தில் கேட்டிருந்தாலும் தளர்த்துவது கஷ்டம். கம்பெனி தானாகப் போட்ட நிபந்தனையில்தான் இடம் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 22000 தரநிலையை எடுத்துப் பார்த்தால், உள்தணிக்கை செய்கிறவர் லீட் ஆடிட்டர் கோர்ஸ் முடித்திருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. வேலைக்கேற்ற தகுதி இருக்க வேண்டும், அந்தத் தகுதி படிப்பாலோ பயிற்சியாலோ அனுபவத்தாலோ வந்திருக்கலாம் என்றுதான் 7.2 பிரிவு சொல்கிறது. உங்கள் கேள்விக்கு அஸ்திவாரம் இந்தப் பிரிவுதான்.

இன்னொன்று. லீட் ஆடிட்டர் கோர்ஸ் பெரும்பாலும் ஐந்து நாள், கடைசியில் தேர்வு. சப்ளையர்களையோ வேறு கம்பெனிகளையோ போய் ஆடிட் செய்யவும், ஒரு ஆடிட் குழுவை நடத்தவும் கற்றுத்தருவது அது. தன் ஃபேக்டரிக்குள் மட்டும் ஆடிட் செய்ய உள்தணிக்கையாளர் கோர்ஸ் என்று தனியாக, அதைவிடச் சின்னதாக ஒன்று உண்டு. அறிவிப்பு எழுதுகிறவர்கள் பல நேரம் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை, பெரியதையே போட்டுவிடுகிறார்கள். அதனால் "சான்றிதழ் இல்லாமல் வரலாமா" என்று கேட்பதைவிட "இந்த வேலையில் வெளி ஆடிட் உண்டா" என்று கேட்பதுதான் பதிலை நகர்த்தும்.

2. உங்கள் அனுபவத்தை ஆடிட் மொழிக்கு மாற்றுங்கள்

இதற்குத்தான் நேரம் எடுக்க வேண்டும். "ஆறு வருட அனுபவம்" என்றால் ரெக்ரூட்டருக்கு ஒன்றும் புரியாது. சான்றிதழ் சொல்வது நாலு விஷயம்: ஆடிட்டைத் திட்டமிடத் தெரியும், ஆதாரம் எடுக்கத் தெரியும், குறைபாட்டைச் சரியாக எழுதத் தெரியும், அது சரிசெய்யப்பட்டதா என்று பார்க்கத் தெரியும். நீங்கள் செய்ததில் இந்த நாலும் தெரிகிற ஒரே ஒரு சம்பவத்தை எடுங்கள்.

கோத்தகிரிப் பக்கம், இலையைப் பல் வைத்த ரோலர்களில் நசுக்கிச் சுருட்டுகிற ஒரு சி.டி.சி. ஃபேக்டரியில் தரக்கட்டுப்பாடு பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ரோலர் பல் தேய்ந்து தூளில் இரும்புத் துகள் கலக்கும், அதைப் பிடிக்கச் சலிப்புப் பிரிவில் காந்தம் வைத்திருப்பார்கள். தேயிலையில் இரும்புத் துகளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஆடிட் அன்று அவர் பதிவேட்டைத் திறக்கிறார், மணிக்கொருமுறை காந்தம் துடைத்ததாக எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கிறது, ஆனால் எட்டு மணி நேர டிக்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு. காந்தத்தை வெளியே எடுத்தால் கறுப்பாக மெத்தை போல் துகள் ஒட்டிக்கிடக்கிறது. அவர் எழுதுவது: நடைமுறைப்படி மணிக்கொருமுறை துடைக்க வேண்டும், பதிவேட்டில் துடைத்ததாக உள்ளது, காந்தத்தில் துகள் குவிந்திருந்தது. விதி, பதிவு, கண்ணில் கண்டது, அவ்வளவுதான். யார் பேரையும் போடவில்லை. பிறகு ஷிப்ட் மாறும்போது மேற்பார்வையாளரே காந்தத்தைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று மாற்றி, அடுத்த மாதம் அறிவிக்காமல் போய்ப் பார்க்கிறார்.

இதை மூன்று வரியில் சொல்ல முடிந்தால் உங்கள் அனுபவம் கேட்கிறவருக்குப் பிடிபடும். ஒரு இடத்தில் மட்டும் கவனம்: ஆடிட்டர் தன் வேலையைத் தானே ஆடிட் செய்யக் கூடாது. உங்கள் லேபையும் நீங்களே ஆடிட் செய்ததாக எழுதினால் துறை தெரிந்தவர் அங்கேயே பிடிப்பார். உற்பத்தி, ஸ்டோர், பேக்கிங்கை நீங்கள் பார்த்தீர்கள், லேபை வேறொருவர் பார்த்தார் என்றால் அதைச் சொல்லுங்கள்.

3. விண்ணப்பிக்கும் முன்பே எழுதுங்கள்

ஆன்லைன் படிவத்தில் "இந்தச் சான்றிதழ் உள்ளதா, ஆம் / இல்லை" என்று ஒரு கேள்வி இருக்கும். "இல்லை" என்று போட்டால் சில இடங்களில் விண்ணப்பம் யார் கண்ணிலும் படாமல் கழிந்துவிடும். அதற்காக "ஆம்" போட்டுவிடாதீர்கள், பின்னால் சரிபார்ப்பில் மாட்டினால் ஆஃபரே போய்விடும். முதலில் ரெக்ரூட்டருக்கு எழுதுங்கள். முடிவெடுப்பவர் பெரும்பாலும் அவர் அல்ல, துறைத் தலைவர். ஆகவே அப்படியே ஃபார்வர்ட் செய்யக்கூடியதாக இருக்கட்டும்:

> வணக்கம் மேடம். குன்னூர் தேயிலை பேக்கிங் யூனிட்டின் தர நிர்வாகி வேலை பற்றி எழுதுகிறேன். ஐ.எஸ்.ஓ. 22000 லீட் ஆடிட்டர் சான்றிதழ் கட்டாயம் என்று அறிவிப்பில் உள்ளது. என்னிடம் அது இல்லை. சி.டி.சி. ஃபேக்டரி ஒன்றில் ஆறு ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். அதில் நான்கு ஆண்டுகளாக உற்பத்தி, ஸ்டோர், பேக்கிங் பிரிவுகளின் உள்தணிக்கையைத் திட்டமிட்டு நடத்தி அறிக்கை எழுதுகிறேன். இந்த வேலையில் சப்ளையர் ஆடிட் உண்டா, உள்தணிக்கை மட்டுமா? உள்தணிக்கை மட்டும் என்றால், சான்றிதழுக்குப் பதிலாக இந்த அனுபவத்தை ஏற்க முடியுமா என்று துறைத் தலைவரிடம் கேட்டுச் சொல்வீர்களா? பெயர் நீக்கிய ஆடிட் அறிக்கை மாதிரி ஒன்று தர முடியும்.

"இல்லை" என்பதை மறைக்காமல் முன்னாலேயே சொல்லியிருப்பதைப் பாருங்கள். மாதிரி அறிக்கைக்கு இப்போதைய முதலாளியின் அனுமதி வேண்டும், இல்லையென்றால் அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள். கோர்ஸில் உட்கார்ந்து தேர்வில் தேறவில்லை என்றால் கையில் இருப்பது வருகைச் சான்றிதழ் மட்டுமே, அதை அந்தப் பெயரிலேயே குறிப்பிடுங்கள்.

4. பதிலைப் படிப்பது

"அப்ளை பண்ணுங்க, பார்க்கலாம்" என்பது சம்மதம் இல்லை. "படிவத்தில் இல்லை என்று போட்டால் கழிந்துவிடுமா, ரெஸ்யூமே உங்களுக்கு நேரடியாக அனுப்பட்டுமா" என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். நாலைந்து வேலை நாளில் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல், அப்புறம் விட்டுவிடலாம்.

"சப்ளையர் ஆடிட் உண்டு, சான்றிதழ் வேண்டும்" என்று தெளிவாகச் சொன்னால் அங்கே வாதாட வேண்டாம், அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. "சேர்ந்த பிறகு முடித்துக்கொள்ளலாம்" என்றால் மூன்று விஷயத்தை ஆஃபர் லெட்டரிலேயே கேட்டு வாங்குங்கள்: எத்தனை மாதத்துக்குள், கோர்ஸ் கட்டணம் யார் கட்டுவது, முதல் முறை தேர்வில் தேறாவிட்டால் வேலை என்னாகும். கட்டணம் கம்பெனி கட்டுகிறது என்றால் எத்தனை வருடம் இருக்க வேண்டும் என்று பாண்ட் போடுகிறார்களா என்பதையும் கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள். போனில் சொன்னதை வைத்து இருக்கிற வேலையை விட வேண்டாம்.